நினைவில் நின்றால் வாக்கு விழுமா?

அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்களைச் சோதிக்கும் வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, பார்த்தவருக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு, அதையே வெற்றியாக எடுத்துக்கொள்வது. எதிராளியைத் தாக்கும் விளம்பரம் இந்தச் சோதனையில் எளிதாக முந்திவிடும். ஆனால் லாவ், சிகெல்மேன், ரோவ்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் 111 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாக்குதல் நினைவில் நிற்பது உண்மைதான், ஆனால் அது வாக்கு வாங்கித் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றே தெரிந்தது. வாக்குப்பதிவு குறைவதாகவும் தெரியவில்லை. அரசின் மீதுள்ள நம்பிக்கைதான் சற்றுக் குறைகிறது.

தேர்தல் முடிவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் ஏமாறுவோம். போட்டியில் பின்தங்கியிருக்கும் வேட்பாளர்தான் பெரும்பாலும் அதிகம் தாக்குவார். அவர் தோற்றால், தாக்கியதால் தோற்றாரா, தோற்கப்போவதால் தாக்கினாரா என்று பிரித்தறிய முடியாது. யாருக்கு எந்த விளம்பரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால்தான் விடை கிடைக்கும்.

டெட் பிரேடர் என்ற ஆய்வாளர் அப்படித்தான் செய்தார். 1998இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தல் நடந்த சமயம், 286 பேருக்குத் தொலைக்காட்சிச் செய்திக்கு நடுவே விளம்பரம் காட்டினார். குற்றமும் போதைப்பொருளும் பெருகிவிட்டதாகச் சொல்லும் வசனம் ஒன்றுதான். ஒரு பிரதியில் இறுக்கமான இசையும் வன்முறைக் காட்சிகளும். இன்னொன்றில் இசையே இல்லை, காட்சிகளும் சப்பென்று இருக்கும். நல்ல செய்தி சொல்லும் வசனத்துக்கும் இதேபோல இரண்டு பிரதிகள். எனவே மாறியது உணர்ச்சி மட்டும். அச்சமூட்டிய பிரதியைப் பார்த்தவர்களிடம் பழைய விருப்பத்தின் பிடி தளர்ந்தது. விளம்பரம் சொன்ன பக்கம் சாயத் தொடங்கினார்கள். உற்சாகமூட்டிய பிரதியோ ஏற்கெனவே இருந்த விருப்பத்தை இறுக்கி, ஈடுபாட்டைக் கூட்டியது. முன்னணியில் இருப்பவர் வாக்காளரைப் பயமுறுத்துவது தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிடுவது போலத்தான். தாக்குதல் வேறு, அச்சம் வேறு என்பதும் இங்கே தெளிவாகிறது. வசனம் கடுமையாக இருந்தும் அந்த இசையும் காட்சிகளும் இல்லாவிட்டால் விளைவு வேறு.

விளைவின் அளவை மிகைப்படுத்தக் கூடாது. 2016 அதிபர் தேர்தலின்போது காப்பக், ஹில், வாவ்ரெக் ஆகியோர் 49 விளம்பரங்களை 59 சோதனைகளில், சுமார் 34,000 பேரிடம் காட்டிப் பார்த்தார்கள். வேட்பாளர் மீதான அபிப்பிராயம் ஐந்து புள்ளி அளவுகோலில் சராசரியாக 0.05 புள்ளிதான் அசைந்தது. தாக்குவதோ புகழ்வதோ, பெரிய வித்தியாசம் இல்லை. நெருங்கிய போட்டியில் அந்தச் சிறு அசைவும் காசுதான் என்பது வேறு விஷயம்.

எப்போது ஒளிபரப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் 2006 விளம்பரங்களை எந்த வாரம், எந்த ஊர்களில் ஒளிபரப்புவது என்று குலுக்கல் முறையில் முடிவுசெய்து, தினமும் வாக்காளர்களிடம் தொலைபேசியில் ஆய்வாளர்கள் கருத்துக் கேட்டார்கள். விளைவு பலமாகவே இருந்தது, ஆனால் ஓரிரு வாரங்களில் கரைந்துவிட்டது. அவை தாக்குதல் விளம்பரங்கள் அல்ல. ஆனாலும் இந்தத் தேய்மானத்தை எந்த விளம்பரத்துக்கும் எதிர்பார்ப்பதே பத்திரம். விளம்பரம் காட்டிய கையோடு கேள்வித்தாளை நீட்டும் ஆய்வில் வரும் எண்ணை, வாக்குப்பதிவு நாளுக்கு அப்படியே பொருத்த முடியாது. பத்து நாள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்கவும் செலவுத்திட்டத்தில் இடம் ஒதுக்கியாக வேண்டும்.