வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் வீட்டு நர்சிங் சேவையைக் கொண்டுசேர்ப்பது: விசாரணையிலிருந்து முதல் ராத்திரி ஷிஃப்ட் வரை

வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் சேவையை விளம்பரப்படுத்துகிறவர்கள் பொதுவாக 'அன்பான பராமரிப்பு' என்று எழுதி, சீருடையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அதைப் பார்த்துக் கூப்பிடுவது அபூர்வம். எங்களுக்கு வரும் விசாரணைகளில் பெரும்பங்கு, அப்பாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் வாரத்தில்தான் வருகிறது. ஓடி வந்த பிள்ளைக்கு லீவு முடிய இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவர் 'நர்சிங் சேவை' என்று தேடுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் தேடுகிறார்: மூக்குக் குழாய் வழி உணவு, யூரின் கதீட்டர் மாற்ற, படுக்கைப் புண் டிரெஸ்ஸிங், கூடவே ஊர்ப் பெயர். ஆகவே எல்லாச் சேவையையும் ஒரே பக்கத்தில் அடுக்காமல், ஒவ்வொரு தேவைக்கும் தனிப் பக்கம் வைத்தோம். அதில் யார் வருவார், என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று எழுதினோம். செய்யமாட்டார் என்ற பகுதிதான் முக்கியம். அட்டெண்டர் குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார், புரட்டிப் படுக்கவைப்பார்; ஊசி போடமாட்டார், கதீட்டர் மாற்றமாட்டார். 'நர்ஸ்' என்று விளம்பரம் செய்து அட்டெண்டரை அனுப்பினால், முதல் ஊசி நேரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கூகுள் விளம்பரத்தில் பலரும் சறுக்கும் இடம், இடத் தேர்வு. பெற்றோர் இருக்கும் ஊரை மட்டும் குறித்து, அமைப்பை Presence என்று வைத்தால், அந்த ஊரில் இருப்பவருக்கும் அங்கே அடிக்கடி இருப்பவருக்கும்தான் விளம்பரம் தெரியும். பணம் கட்டப்போகிறவர் கடல் கடந்து இருக்கிறார். Presence or interest என்று வைத்தால் அந்த ஊர்மீது ஆர்வம் காட்டுகிறவருக்கும் போகும். பிள்ளைகள் வசிக்கும் நாடுகளைக் குறித்து, தேடுசொல்லில் ஊர்ப் பெயரைச் சேர்த்து, தனி விளம்பரமாக ஓட்டுவது இன்னும் நல்லது. செலவு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். விளம்பரம் ஓடும் நேரம் உங்கள் கணக்கின் நேரப்படி கணக்காகும், பார்ப்பவரின் நேரப்படி அல்ல. அவர் வேலை முடிந்து உட்காரும் மாலை, உங்களுக்கு விடியற்காலையாக இருக்கலாம். சில நாடுகள் வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும். அப்போது நீங்களும் ஒரு மணி நேரம் நகர்த்த வேண்டும்.

அடுத்தது தொலைபேசி எண். இலவச அழைப்பு எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணும் வீண்தான். வாட்ஸ்அப் இணைப்பில் கூட்டல் குறி, முன்னால் வரும் பூஜ்யம், இடைக்கோடு எதுவும் இருக்கக்கூடாது:

```
https://wa.me/<நாட்டுக்குறியீடு><எண்>?text=Discharge%20date
```

கடைசிப் பகுதி, அவர் தட்டியதும் செய்திப் பெட்டியில் 'Discharge date' என்று தயாராக நிற்கும். வெறும் 'ஹலோ' வருவதற்குப் பதிலாகத் தேதி வரும். வாட்ஸ்அப் பிசினஸை ஏபிஐ வழியாகப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டி ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்திதான் அனுப்ப முடியும். ராத்திரி வந்த விசாரணையை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டால், அந்த வாய்ப்பும் போகும், நோயாளியும் வேறு ஆளிடம் போயிருப்பார்.

பேசத் தொடங்கியதும் விலையைச் சொல்லிவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டின் படத்தை முதலில் கேட்கிறோம். எடை எவ்வளவு, எழுந்து நடக்கிறாரா, என்னென்ன குழாய்கள் இருக்கின்றன, உள்ளூரில் சாவி யாரிடம் என்று நாலு கேள்வி. எடையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: கனமான ஒருவரை ஒரே ஆள் தனியாகப் புரட்ட முடியாது.

பிறகு அனுப்புவது, இந்த வேலையில் எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல விளம்பரம்: நாள் குறிப்பின் மாதிரி. ஒரு கற்பனை நோயாளிக்காக நிரப்பிய தாள். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும், மூக்குக் குழாயும் யூரின் கதீட்டரும் உள்ள 60 கிலோ எடையுள்ள பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 8 முதல் காலை 8 வரையான குறிப்பு இப்படி இருக்கும்: 'பிபி 138/84, நாடி 76. குழாய் வழியாக 200 மில்லி இரண்டு முறை. தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணிக்கு மேல் அப்படியே. குழாயில் மூக்கருகே இட்ட அடையாளம் நகரவில்லை. சிறுநீர் 330 மில்லி. இரண்டு மணிக்கொரு முறை புரட்டியது. இடுப்பெலும்பு மேல் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை.'

இந்தத் தாளில் இரண்டு வரிகளைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்கிறோம். சிறுநீர் குறைவு என்பதற்கு வழக்கமான அளவு, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோவுக்கு மணிக்கு 30, பன்னிரண்டு மணி நேரத்துக்கு 360. வந்திருப்பது 330. குழாய் மடங்கியிருக்கிறதா, பை உயரத்தில் தொங்குகிறதா என்று முதலில் பார்த்து, அதற்குப் பிறகும் குறைவாகவே இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அடுத்தது அந்தச் சிவப்பு. அழுத்தும்போது வெளுத்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காவிட்டால் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். தோல் இன்னும் உரியவில்லை என்பதால், அந்தப் பக்கம் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த விளக்கத்தைக் கேட்ட பிள்ளை அடுத்து கேட்பது பெரும்பாலும் 'எப்போது ஆரம்பிக்கலாம்' என்றுதான். எல்லாக் கட்டங்களிலும் 'நார்மல்' என்று எழுதிய மாதிரித் தாள் எதையும் நிரூபிக்காது. நிஜ நோயாளியின் படத்தையோ தாளையோ விளம்பரத்துக்கு எடுக்கவே கூடாது. மகன் சரி என்றாலும் உடம்பு அப்பாவுடையது, சம்மதம் அவரிடமிருந்து வர வேண்டும்.

மகள் ஒப்புக்கொண்டதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. 'எனக்கு எதுக்கு ஆளு' என்று முதல் நாளே அனுப்பிவிடும் பெரியவர்கள் நிறைய. அதனால் நர்ஸ் போவதற்கு முந்தின நாள் மகளும் அப்பாவும் எங்கள் பொறுப்பாளரும் வீடியோவில் சேர்ந்து பேசுகிறோம். மகள் 'அப்பாவைப் பார்த்துக்க' என்று சொல்லாமல், 'கதீட்டரைக் கவனிக்க ஒருத்தர் வர்றார்ப்பா' என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். உடன்பிறந்தவர்களையும் அந்தப் பேச்சில் சேர்ப்பது நல்லது. ஒருவர் பணம் கட்டி, உள்ளூரில் இருக்கும் இன்னொருவருக்கு விஷயமே தெரியாமல் இருந்தால், மூன்றாம் நாள் வாசலில் சண்டை.

கடைசியாக ஒரு தாள். திடீரென மூச்சுத்திணறல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் முடிவெடுப்பது, மகள் தூங்கும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, என்னென்ன மருந்துக்கு ஒவ்வாமை. இது எழுதப்படாவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் மூன்று பேருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்பார். தாளை நோயாளி அறைக் கதவின் உட்புறம் ஒட்டி, படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, அவர் சரிபார்த்த பிறகுதான் முன்பணம் கேட்கிறோம்.