வெறும் #மயிலத்தமடு

விடியப்புறம் சித்தாண்டி மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் #மயிலத்தமடு. அவ்வளவுதான். படமுமில்லை, வணக்கமுமில்லை.

2023 செப்டம்பரில் மட்டக்களப்பு மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியபோது இதைக் குடும்பக் குழுவில்தான் போடுவார். அதற்கு அர்த்தம், 'பகிருங்க'.

இது எனக்கு மட்டும் வந்தது. மேலே 'Forwarded' என்றும் இல்லை, கையால் தட்டியது. அப்போ ஊருக்குச் சொல்லவல்ல, என்னிடம் ஏதோ வேணும்.

ஆறுதலா, காசா, முறைப்பாடு எழுதவா? ஹேஷ்டேக் அதைச் சொல்லாது. கைகூப்பு ஒன்றைப் போட்டால் (எல்லாரும் அதைத்தானே செய்கிறோம்) மனுசன் அதோடு பேசாமல் விட்டுவிடுவார்.

"மாட்டுக்கு ஏதும் நடந்ததா மச்சான்?"

"ரெண்டைக் காணல்ல. பொலிசுக்கு எழுதித் தாங்க."

மற்ற மாடுகளில் அடையாளத்துக்காகச் சுட்ட குறியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.