பூண்டு கேப்சூல் வேலை செய்கிறதா? 12 வாரத்தில் கண்டுபிடிக்கும் முறை

பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் பூண்டு கேப்சூல் எடுத்துப் பார்க்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே தவறு செய்துவிடுகிறார்கள். பாட்டிலின் முன்பக்கத்தில் ‘1000 மி.கி. பூண்டு’ என்று பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். பின்பக்கம் திருப்பினால், உள்ளே இருப்பது 10 மி.கி. பூண்டு எண்ணெய்தான் என்று தெரியவரும். அந்த எண்ணெய் எடுக்க எவ்வளவு பச்சைப் பூண்டு தேவைப்பட்டது என்பதைத்தான் அந்த 1000 சொல்கிறது. மீதியெல்லாம் சமையல் எண்ணெய்.

கடையில் கிடைக்கும் பூண்டு மாத்திரைகள் மூன்று வகை. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் உருவாகிறது. காரமும் நெடியும் அதிலிருந்து வருபவை. பூண்டுப் பொடி மாத்திரையில் அல்லிசின் முன்கூட்டியே இருப்பதில்லை. வயிற்றுக்குள் போன பிறகு உருவாக வேண்டும். ஆனால் வயிற்று அமிலம் அந்த நொதியைக் கெடுத்துவிடலாம். அதனால், எந்தப் பொடி மாத்திரையில் எவ்வளவு அல்லிசின் உருவாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணெய் கேப்சூலில் அல்லிசின் இல்லை, அது சிதைந்து உண்டான வேறு கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. மூன்றாவது வகை, பூண்டை ஆல்கஹால் கலந்த நீரில் பல மாதங்கள் ஊறவைத்துத் தயாரிக்கும் முதிர்ந்த பூண்டுச் சாறு. இதில் எஸ்-அல்லில்சிஸ்டீன் என்ற பொருள் நிலையாக நிற்கும், அதை அளக்கவும் முடியும், வாடையும் குறைவு. பிரஷருக்கான நல்ல ஆய்வுகள் பலவும் இந்த மூன்றாவது வகையில் நடந்தவை. எண்ணெய் கேப்சூலை வாங்கிக்கொண்டு அந்த ஆய்வுகளின் பலனை எதிர்பார்ப்பது வீண்.

அளவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 79 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, முதிர்ந்த சாற்றை ஒருநாளைக்கு 240, 480, 960 மி.கி. என்று மூன்று அளவுகளில் 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. 240 போதவில்லை. 480 மி.கி. எடுத்தவர்களுக்குப் பிரஷரின் மேல் அளவு, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 12 புள்ளி குறைந்தது. 960 எடுத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் இல்லை. ஆகவே 480-ல் தொடங்குவதே சரி. இரட்டிப்பாக்கினால் ஏப்பமும் நெஞ்செரிச்சலும்தான் கூடும். அந்த 480-ல் எஸ்-அல்லில்சிஸ்டீன் இருந்தது 1.2 மி.கி. லேபிளில் தேட வேண்டிய எண் அதுதான். சாப்பாட்டோடு எடுத்தால் வயிறு தாங்கும். ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது. ஆய்வுகளே 8 முதல் 12 வாரம் வரை காத்திருந்துதான் முடிவு சொல்கின்றன.

இந்த 12 புள்ளி சிறிய ஆய்வில் வந்த எண் என்பதை மறக்க வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 8 புள்ளியை ஒட்டியே குறைகிறது. பிரஷர் சரியாக இருப்பவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் நடப்பதில்லை. வழக்கமான அளவில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரையும் ஏறக்குறைய 9 புள்ளிதான் குறைக்கும். அப்படியானால் இரண்டும் சமம்தானே என்ற கேள்வி எழும். சமம் இல்லை. மாத்திரைகள் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கின்றன என்பது ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துக் கண்டது. பூண்டுக்கு அப்படி ஒரு ஆய்வு இல்லை.

கொலஸ்ட்ராலில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2007-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 192 பேருக்குப் பச்சைப் பூண்டு, பொடி, முதிர்ந்த சாறு, போலி மாத்திரை என்று பிரித்து ஆறு மாதம் கொடுத்தார்கள். எந்தப் பூண்டும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை அசைக்கவில்லை. 2022-ல் அறிவிக்கப்பட்ட இன்னொரு ஆய்வில் கொலஸ்ட்ரால் மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 5 மி.கி. 28 நாளில் எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட 38 சதவீதம் இறக்கியது. அதே ஆய்வில் பூண்டு எடுத்தவர்களுக்குப் போலி மாத்திரைக் குழுவைவிட எல்டிஎல் சற்றுக் கூடியே இருந்தது. சில தொகுப்பு ஆய்வுகள் மட்டும் பூண்டால் எல்டிஎல் 9 புள்ளி குறையும் என்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு வீட்டில் எடுத்த பிரஷர் சராசரி 146/90, எல்டிஎல் 162 என்று வைத்துக்கொள்வோம். பூண்டு மிக நன்றாக வேலை செய்தாலும் எல்டிஎல் 153-க்கு வரும். இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எடுத்தால் 100-ஐ ஒட்டி வரும். தவிர, எந்த மருந்தும் இல்லாமலேயே ஒரே ஆளின் எல்டிஎல் ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் பத்துப் புள்ளி மாறும். 153 வந்தால் அது பூண்டா, வெறும் ஏற்ற இறக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. கொலஸ்ட்ராலுக்காகப் பூண்டு கேப்சூல் வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

பிரஷரை மட்டும் வைத்துச் சோதிப்பதென்றால், தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்க, காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எழுதி வைக்க வேண்டும். கிளினிக்கில் ஒருமுறை பார்த்த 156-ஐ ஆரம்பமாக வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்; அது பதற்றத்தில் ஏறியது, கேப்சூல் எடுக்காவிட்டாலும் அடுத்த முறை இறங்கியிருக்கும். இந்த 12 வாரத்தில் உப்பைக் குறைப்பது, நடைப்பயிற்சி தொடங்குவது போன்றவற்றைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். அவற்றை முன்பே தொடங்கி, எண் நிலைப்பட்ட பிறகு கேப்சூலை ஆரம்பிக்கலாம்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்திவிட்டுப் பூண்டுக்கு மாறக் கூடாது. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வே, மாத்திரையோடு கூடுதலாகப் பூண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வுதான். குறிப்பாக பீட்டா பிளாக்கர், குளோனிடின் வகைகளைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். சேர்த்து எடுக்கும்போது எழுந்தவுடன் தலைசுற்றினால் பிரஷர் அதிகம் இறங்கியிருக்கலாம். அளந்து பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/100-க்கு மேல் இருப்பவர்களும், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் கேப்சூலை நம்பி 12 வாரம் காத்திருக்கக் கூடாது.

பூண்டு ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தம் உறைவதைக் குறைக்கும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு குறைந்தது 7 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறவர்களும் கேப்சூல் எடுப்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எச்ஐவி மருந்தான சாக்வினாவிர் எடுத்தவர்களுக்குப் பூண்டு சேர்ந்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது.

பன்னிரண்டாவது வாரம் அதே முறையில் மறுபடி ஏழு நாள் அளந்தால், நாம் எடுத்த உதாரணத்தில் 139/86 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதோடு கொண்டாட வேண்டாம். கேப்சூலை நான்கு வாரம் நிறுத்திவிட்டு இன்னொரு வாரம் அளக்க வேண்டும். மறுபடி 146-ஐ நோக்கி ஏறினால் கேப்சூல் உண்மையிலேயே உதவியிருக்கிறது. மருத்துவரிடம் அந்த மூன்று வாரக் குறிப்புகளையும் காட்டித் தொடரலாம். நிறுத்திய பிறகும் 139-லேயே நின்றால், இறக்கியது வேறு ஏதோ. எடுத்தும் 146-லேயே இருந்தால் இன்னொரு பாட்டில் வாங்காமல் மாத்திரை தொடங்குவது பற்றிப் பேச வேண்டும்.