குட்டையில் காராமையும் கறுப்பு டிபன் டப்பாவும்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பச்சி தோட்டத்துக் குட்டையில் ரெண்டு காராமைகள் இருக்கின்றன. அவை ஏன் அத்தனை நேரம் அசையாமல் வெயில் காய்கின்றன என்று மார்கழியில் பார்க்கத் தொடங்கினேன். பிடித்துப் பார்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதனால் தொடாமல் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் ஒரு காய்ந்த பூவரசங்கட்டையை மிதக்கவிட்டேன். ஆமை முன்னங்காலை வைத்ததும் அது உருண்டது. ரெண்டு முனையையும் கயிற்றால் கரையோடு கட்டி, ஒரு முனை தண்ணீருக்குள் சரிவாக அமிழ்கிற மாதிரி வைத்த நாலாம் நாள் பெரியது ஏறிவிட்டது. ஏறியதும் கழுத்தை நீட்டிப் பின்னங்கால்களைப் பின்னால் விரித்தது. விரலிடைச் சவ்வுகூட விரிந்திருந்தது. வெயில் படும் பரப்பு அப்படித்தான் கூடும்.

கரையிலிருந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டியது தப்பாகப் போனது. 12 அடி தூரத்தில் அது ஒரு அடி அகல வட்டத்தின் சராசரியைக் காட்டும். ஓட்டோடு கட்டையும் தண்ணீரும் சேர்ந்துதான் அளவு வந்திருக்கிறது. ஒரு வாரக் குறிப்பை அப்படியே அடித்துவிட்டேன்.

பிறகு அரை லிட்டர் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, குட்டைத் தண்ணீரையே நிரப்பி, மீன்தொட்டித் தெர்மாமீட்டரின் ஒயரை உள்ளே விட்டுக் கட்டையின் மறுமுனையில் வைத்தேன். ஆமை உடம்பே அது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெப்பம் ஏறி இறங்கும் போக்கு தெரிந்தது. காலை 9 மணிக்கு 24 டிகிரி. 29-ஐத் தொட 50 நிமிடம் ஆனது. அதையே குட்டையில் அமுக்கியதும் ஐந்தே நிமிடத்தில் 26-க்கு இறங்கிவிட்டது.

எனக்கு விளங்கியது இதில்தான். வெயில் மெல்ல ஏற்றும் சூட்டைத் தண்ணீர் சட்டென்று பிடுங்கிக்கொள்கிறது. தன் உடம்பில் சூடு உண்டாக்க முடியாத ஆமைக்கு, தின்றது செரிக்கவும் அந்தச் சூடு வேண்டும். நடுவில் ஒருமுறை தண்ணீருக்குள் விழுந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஒரு நாள் நான் செருப்போடு நடந்த அதிர்வில் தொப்பென்று குதித்தது, திரும்ப ஏற முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு வரப்பில் வெறுங்காலோடுதான் போகிறேன்.

“ஓட்டுப் பாசி காயத்தானுங்க கண்ணு ஏறுது,” என்றார் அப்பச்சி. அதுவும் உண்மைதான். ஓடு நன்றாகக் காய்ந்தால் பாசியும் அட்டையும் நிற்காது. தோலில் படும் புற ஊதாக் கதிரால் வைட்டமின் டி உண்டாகி ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது.

சித்திரையில் மதியம் ஒரு மணிக்கு அதே டப்பா 43 காட்டியது. கட்டையில் ஆமை இல்லை. அந்த மாதம் முழுக்க அவை எட்டு மணிக்கு முன்பே காய்ந்துவிட்டு இறங்கிவிட்டன.