மெஷின் வாங்காமல் போனிலேயே கார்டு வாங்குகிறேன்: மாமல்லபுரம் கடை அனுபவம்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் வழியில் மாவுக்கல் சிற்பக் கடை வைத்திருக்கிறேன். நம்ம ஊர்க்காரர்கள் க்யூஆரை ஸ்கேன் பண்ணிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் கார்டைத்தான் நீட்டுவார்கள். கையில் ரூபாய் இல்லையென்றால் எடுத்த சிலையைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கார்டு மெஷினுக்கு மாத வாடகை கேட்டார்கள். மே மாத வெயிலில் ஈ ஓட்டும்போதும் அதைக் கட்ட வேண்டும் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் போனே மெஷினாக வேலை செய்யும் ஆப் பற்றித் தெரியவந்தது.

முதலில் பார்க்க வேண்டியது, கார்டைப் பக்கத்தில் கொண்டுவந்தாலே படிக்கும் என்எஃப்சி வசதி போனில் இருக்கிறதா என்பது. Settings போய் Connected devices-க்குள் NFC என்று தேடுங்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருக்காது. ஒரே மாடல் வெளிநாட்டில் என்எஃப்சியோடும் இங்கே இல்லாமலும் விற்பதுண்டு. அதனால் பெட்டியைப் பார்த்தோ இணையத்தில் படித்தோ முடிவுக்கு வராமல், உங்கள் போனிலேயே பாருங்கள்.

வங்கியில் பான், ஆதார், கணக்கு விவரம், கடைப் படம் கொடுத்தேன். அது சுலபமாக முடிந்தது. ஆனால் ஆப் திறக்கவே மறுத்தது. உதவிக்கு வந்த தம்பி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, Developer options ஆன்ல இருக்கு. அதை ஆஃப் பண்ணுங்க” என்றார். அணைத்ததும் திறந்துகொண்டது. கம்பெனி போட்ட பூட்டை உடைத்து ரூட் செய்த போனிலும் ஓடாதாம். கார்டு மெஷின் அந்த ஒரு வேலைக்கென்றே பூட்டிச் செய்த பொருள். போனில் ஆயிரம் ஆப் இருக்கும், எது எதை எட்டிப் பார்க்கிறது என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் போனைச் சோதித்துவிட்டே வேலையைத் தொடங்குகிறது. இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது.

தொகையை அடித்ததும் போன் மெல்லிய காந்த அலையை வெளியிடும். கார்டில் பேட்டரி கிடையாது. அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துச் சிப் விழிக்கும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும். ஆப் அதைப் பூட்டி வங்கிக்கு அனுப்பும். அலை எட்டுவது நாலு சென்டிமீட்டர்தான். என் போனில் ஆன்டெனா பின்பக்கம் கேமராவுக்குக் கீழே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பழக்கத்தில் திரைமேல் கார்டை வைப்பார்கள், ஒன்றும் நடக்காது. இப்போது போனைத் திருப்பிப் பிடித்து, இடத்தை விரலால் காட்டிவிடுகிறேன். பர்ஸோடு வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு கார்டுகள் ஒன்றாகப் பதில் சொல்லிக் குழப்பும், ஒன்றை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். இரும்புத் தகடு வைத்த கவரைக் கழற்றிவிட்டேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் 2,400 ரூபாய்க்கு ஒரு யானை வாங்கினார்கள். டெபிட் கார்டைத் தட்டினால் நிராகரிப்பு. கணக்கில் பணம் இருந்தது. 2020 அக்டோபரிலிருந்து இங்கே தரும் புதுக் கார்டுகளில் தட்டும் வசதி மூடியே வருகிறது, வாடிக்கையாளர்தான் வங்கி ஆப்பில் திறக்க வேண்டும். அந்த அண்ணன் அங்கேயே திறந்து தட்டினார், போய்விட்டது. என்னைப் போல ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு டெபிட் கார்டு விற்பனையில் வங்கி பிடிக்கும் கழிவு 0.40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதன்படி 9.60 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 1.73. மறுநாள் 2,388.67 வரவானது. ரூபே டெபிட் என்றால் கழிவே இல்லை. கிரெடிட் கார்டுக்கும் வெளிநாட்டுக் கார்டுக்கும் கூடுதலாகப் பிடிப்பார்கள். வெளிநாட்டுக் கார்டு ஏற்பதைத் தனியாகத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சுற்றுலா ஊர்க்காரர்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

5,000 ரூபாய் வரை பின் நம்பர் வேண்டாம். அதற்கு மேல் பின் நம்பர் கேட்கும். 2019 இறுதியில் இந்த முறைக்கென்று வந்த பாதுகாப்பு விதிப்படி அதே போனின் திரையில் பின் நம்பர் அடிக்கக் கூடாது. 2022 நவம்பரில் வந்த புது விதி அதை அனுமதிக்கிறது. எல்லா ஆப்பிலும் அந்த வசதி இல்லை. பெரிய நந்தியெல்லாம் விற்பதால், சேரும் முன் இதைத்தான் நான் அழுத்திக் கேட்டேன்.

நடுவில் சிக்னல் போய், அவர்களுக்குப் பணம் கழிந்த எஸ்எம்எஸ் வந்து, எனக்கு வெற்றி என்று காட்டாமல் நின்றதும் உண்டு. அந்த நேரத்தில் உடனே மறுபடி தட்டச் சொல்லாமல், ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே தோல்வி என்றிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் அவர்கள் கணக்குக்குப் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைச் சொல்லி, பட்டியலில் உள்ள எண்ணையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த கார்டை வாங்குகிறேன்.