எட்டு பேருக்கு கிளாஸ், ஒரு போனுக்கு மூணு நாள்

ரிட்டயர்டு ஆனவங்களுக்கு போன் சொல்லித்தர கிளாஸ் ஆரம்பிச்சு இப்போ மூணாவது பேட்ச் ஓடுது. முதல் பேட்ச்சுல நான் பண்ணின கூத்தை எழுதி வச்சிடறேன், இதே மாதிரி ஆரம்பிக்கணும்னு நெனைக்கிற யாருக்காவது ஆகும்.

இடம் பிடிச்சது, ஆள் சேர்த்ததெல்லாம் பெருசா கஷ்டமில்ல. எட்டு பேரு, ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ரெண்டு நாள். முதல் கிளாஸ்லயே வீடியோ கால் சொல்லிக் குடுத்துட்டா சந்தோஷப்படுவாங்கன்னு என் போன் ஸ்கிரீனை படம் புடிச்சு ஸ்லைடெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். பத்தே நிமிஷத்துல ஸ்லைடை மூடி வச்சிட்டேன். எட்டு போன்ல ஒண்ணு கூட என் போன் மாதிரி இல்ல. பாதி பேருக்கு கீழ மூணு பட்டன் இருக்கு, மீதி பேருக்கு பட்டனே இல்லாம விரலால தள்ளுற மாதிரி இருக்கு. ஒருத்தர் கண்ணு தெரியலன்னு எழுத்தை ரொம்ப பெருசாக்கி வச்சதுல, நான் "கீழ இருக்கிற பட்டனை அழுத்துங்க"ன்னு சொன்ன பட்டன் அவர் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடுச்சு.

ஒரு அம்மா ஐகானை தொட்டாலே அது ஆட ஆரம்பிச்சுடும், அழிக்கவான்னு கேக்கும். நாலு தடவை பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க மெதுவா, அழுத்தமா தொடறாங்க, போன் அதை லாங் பிரஸ்னு எடுத்துக்குது. Accessibility-ல Touch & hold delay-ன்னு ஒண்ணு இருக்கும், அதை Long-னு மாத்தினதும் சரியாப் போச்சு. இன்னொருத்தருக்கு விரல் காஞ்சு போய் டச்சே எடுக்கல, லேசா ஈரத்துணியில தொட்டுட்டு அழுத்த சொன்னேன், எடுத்துச்சு. இதெல்லாம் பத்து நிமிஷ வேலைதான்.

வம்பு ஆரம்பிச்சது ரெண்டாவது கிளாஸ்ல. ஒரு அம்மா போன்ல ரெண்டு ஜிமெயில் அக்கவுண்ட் இருந்துச்சு. ஒண்ணு அவங்க பேர்ல தெளிவா இருக்கு. இன்னொண்ணு பேரோட ஏதேதோ நம்பர் ஒட்டி இருக்கு. "இது என்னம்மா"ன்னா "எனக்கு தெரியாது தம்பி, யாரோ போட்டுக் குடுத்தாங்க"ன்னாங்க. தேவையில்லாத குப்பைன்னு நெனச்சு, வேகமா முடிக்கலாம்னு போனை என் கையில வாங்கி Remove account குடுத்தேன். "Removing this account will delete all of its messages, contacts, and other data from the phone!"-னு எச்சரிக்கை வந்துச்சு. அதுக்கு அரைமணி நேரம் முன்னாடிதான் எதையும் படிக்காம ஓகே குடுக்காதீங்கன்னு பாடம் எடுத்திருந்தேன். நான் படிக்காம ஓகே குடுத்தேன்.

அந்தம்மா வாட்ஸ்அப்பை தொறந்துட்டு என்னை நிமிர்ந்து பாத்தாங்க. "தம்பி, பேரெல்லாம் எங்க?" மகன், மருமக, பேரப் பசங்க, தங்கச்சி எல்லாரும் வெறும் நம்பரா நிக்கிறாங்க. சாட் அப்படியே இருக்கு, ஆனா யாரு யாருன்னு தெரியல. மொத்த காண்டாக்ட்டும் அந்தக் 'குப்பை' அக்கவுண்ட்லதான் சேவ் ஆகியிருந்திருக்கு.

காண்டாக்ட் சர்வர்ல பத்திரமாத்தான் இருக்கும், திரும்ப உள்ள போனா வந்துடும்னு எனக்கு தெரியும், அதனால முதல்ல பதறல. ஆனா பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. Forgot password குடுத்தா, ஓடிபி கோடு போறது வெளிநாட்டுல இருக்கிற மகன் நம்பருக்கு. அங்க நடுராத்திரி. ரெண்டு தடவை கோடு அனுப்பினேன், பழைய பாஸ்வேர்டு இதுவா இருக்குமோன்னு அந்தம்மா சொன்னதையெல்லாம் போட்டுப் பாத்தேன், கடைசியில இப்போ முடியாது, கொஞ்ச நேரம் கழிச்சு வான்னு சொல்லிடுச்சு.

அப்புறம் மகன்கிட்டேர்ந்து போன். பாவம், ராத்திரியில கேக்காத கோடு ரெண்டு வந்தா யாருக்கும் பயம்தான் வரும். "யாருங்க நீங்க? எங்கம்மா பாஸ்வேர்டு உங்களுக்கு எதுக்கு?" எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவர் கேட்டது சரிதானே. யாரு கேட்டாலும் கோடு சொல்லாதீங்கன்னு நான் கிளாஸ்ல சொல்றதைத்தான் அவரும் செஞ்சாரு. எவ்வளவு கேட்டும் கோடு சொல்லல.

மறுநாள் முழுக்க எதையும் முயற்சி பண்ணாம விட்டேன், இது முக்கியம், லாக் ஆன நேரத்துல திரும்பத் திரும்ப தட்டினா காத்திருக்கிற நேரம்தான் நீளும். மூணாம் நாள் அந்தம்மாவே சொன்னாங்க, பழைய போன் அலமாரியில கெடக்குன்னு. சார்ஜ் போட்டு வைஃபை குடுத்தோம், அந்த அக்கவுண்ட் அதுல இன்னும் லாகின்லயே இருந்துச்சு! புது போன்ல திரும்ப Forgot password குடுத்ததும் பழைய போன்ல நீங்கதானான்னு கேட்டுச்சு, அந்தம்மா அவங்க விரலாலேயே Yes தட்டினாங்க, புது பாஸ்வேர்டு போட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல பேரெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப வந்துச்சு. நான் பாஸ் ஆன மாதிரி இருந்துச்சு.

மகன்கிட்ட பேசி சம்மதம் வாங்கி ரெகவரி நம்பரை அந்தம்மா நம்பருக்கே மாத்தினோம். இதுல ஒரு விஷயம், மாத்தினப்புறமும் 7 நாள் வரைக்கும் பழைய நம்பருக்கு கோடு போக வாய்ப்பு இருக்கு, அதனால மகன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன், இல்லேன்னா திரும்ப ராத்திரி போன் வரும்.

இப்போ எப்படி நடத்தறேன்னா, முதல் கிளாஸ்ல எந்த ஆப்பும் இல்ல. ஒரு தாள் குடுப்பேன், என்ன போன், என்னென்ன அக்கவுண்ட் இருக்கு, பாஸ்வேர்டு தெரியுமா தெரியாதா, கோடு யாரு நம்பருக்கு வருது, பழைய போன் வீட்ல இருக்கா. பாஸ்வேர்டை அந்தத் தாள்ல எழுத விடமாட்டேன், ஆமா இல்லன்னு மட்டும்தான். எழுதணும்னா அவங்க சொந்த நோட்ல எழுதி வீட்ல வச்சுக்கட்டும், எனக்கு காட்டவே வேணாம். கோடு அடுத்தவங்க நம்பருக்கு வருதுன்னா, அவங்ககிட்ட நேரம் பேசி வச்சுட்டுதான் லாகினை தொடுவோம். எந்த அக்கவுண்ட்டையும் எடுக்கிறதுக்கு முன்னாடி காண்டாக்ட்ஸ் ஆப்ல பேரெல்லாம் எந்த அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருக்குன்னு பாத்துடுவோம்.

இன்னொண்ணு, கத்துக்க வந்தவங்க போனை நான் வாங்கவே மாட்டேன். கையை பின்னாடி கட்டிக்கிட்டுதான் நிப்பேன். எட்டு பேர்ங்கிறதையும் நாலாக்கிட்டேன், கூட ஒரு ஆள் வச்சிருக்கேன்.

காசு பத்தி கேப்பீங்க. முதல் பேட்ச் இலவசம்தான், நாலாவது கிளாஸ்ல மூணு பேர்தான் வந்தாங்க. இப்போ சின்னதா ஒரு தொகை, நாலு கிளாஸுக்கும் சேர்த்து முன்னாடியே வாங்கிடறேன், வரவு ஒழுங்கா இருக்கு. ஆனா காசு குடுத்தாச்சுன்னா ராத்திரி பத்து மணிக்கும் "ஒரு டவுட்டு"ன்னு கால் வரும், அதனால எத்தனை மணி வரைக்கும் போன் எடுப்பேன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

அந்தம்மா ரெண்டாவது பேட்ச்சுலயும் வந்து உக்காந்துட்டாங்க. யாரு போன்ல என்ன மெசேஜ் வந்தாலும் கண்ணாடியை ஏத்திக்கிட்டு, "ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிங்க"ம்பாங்க. முடிச்சதும் என் பக்கம் திரும்பி, "அழுத்தலாமா தம்பி? நீங்க படிச்சிட்டீங்கல்ல?"