தட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக, ரத்தப் பரிசோதனை பற்றி எளிய வாசிப்புத் தாள் ஒன்று தயாரித்தோம். ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்பதை ‘காலையில் சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம்.’ என்று இரண்டாக உடைத்தோம். பக்கத்தில் ஒரு தட்டு, அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. எங்களுக்குப் பரம திருப்தி.

வாசித்துப் பார்க்க வந்த அண்ணனிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். (நாமும் அப்படித்தானே!) அதனால் “நாளைக்குக் காலையில என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டோம்.

“தட்டு வேணாம். இலையில சாப்பிடுவேன்.”

சரி, தட்டு போச்சு. இப்போது ஒருவர் இட்லியை வாய்க்குக் கொண்டுபோகும் படம், அதன் மேல் குறி. அப்புறம் ‘ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடலாம்’ என்ற வரியும் சேர்ந்தது. அது இல்லாததால் இன்னொரு அக்கா அன்று முழுக்கப் பட்டினி கிடக்கத் தயாராக இருந்தார்.